“ஆடிட்டை நீங்களா நடத்தினீங்க?” – ரெஸ்யூமே ஒன்றால் நான் இழந்த நாலரை மாதங்கள்

திருப்பூரில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து சரக்கு கிளம்பும்வரை பார்த்துக்கொள்பவளாக, வேலை பார்த்தேன். 2024 ஜூன் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே மகள் என்பதால் வேலையை விட்டுவிட்டுத் தக்கலைக்குத் திரும்பினேன். ஊரிலிருந்து போய் வரும் தூரத்தில் அதே வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். இரணியலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம் இருக்கிற ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. ஆறு வருட அனுபவம் இருக்கிறது, ஒரு மாதத்தில் ஏதாவது அமைந்துவிடும் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நாலரை மாதம் ஆனது. மாதம் 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பு. அப்பாவின் பிசியோதெரபிக்குப் போக வேண்டிய பணத்தில் 5,500 ரூபாயை எடுத்து ஒருவரிடம் கொடுத்து ஏமாந்ததும் அதில் சேரும். இதை யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதத்தில் 23 இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. அது திருப்பூரில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது நான் செய்து வைத்திருந்த ரெஸ்யூமேதான், மேலே மேலே வரிகள் சேர்த்து மூன்று பக்கமாகியிருந்தது. முதல் பக்கத்தில் பாதியை அப்பா பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளி, தெரிந்த மொழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. வேலை பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான்: சாம்பிள் ஃபாலோ-அப், லேப் டிப் ஃபாலோ-அப், புரொடக்ஷன் ஃபாலோ-அப், ஷிப்மென்ட் ஃபாலோ-அப். லேப் டிப் என்பது பையர் கேட்ட நிறத்தில் முதலில் சாயமேற்றிக் காட்டும் சிறு துணித்துண்டு. திருப்பூரில் இதைப் பார்த்தால் யாருக்கும் புரியும், ஏனென்றால் அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் இதிலிருந்து நான் ஒரு பையரோடு நேரடியாகப் பேசியவளா, அல்லது சீனியர் சொன்னதைக் கேட்டு டையிங் யூனிட்டுக்கு ஃபோன் போட்டவளா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. ஊர் மாறி வந்ததால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு விளம்பரம் வந்தது. திருவனந்தபுரம் பக்கம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு மெர்ச்சண்டைசர் தேவை. பொறுப்புகள் என்று மூன்றே மூன்று: பையருடன் தகவல் தொடர்பு, ஆர்டர் டிராக்கிங், கம்ப்ளையன்ஸ் ஆடிட். முதல் இரண்டும் நான் தினமும் செய்தவை. மூன்றாவது, தொழிற்சாலை சட்டத்தையும் பையரின் விதிகளையும் பின்பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை. அதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் அதற்குத் தனி டிபார்ட்மென்ட் இருந்தது. ஆடிட் என்றால் எங்களுக்கு மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய நாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பயத்தில்தான் ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். 5,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். விளம்பரத்தையும் என் பழைய ரெஸ்யூமேயையும் அனுப்பச் சொன்னார். இரண்டு நாளில் அழகான இரண்டு பக்கம் வந்தது. விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது. “சர்வதேச பையர்களுடன் சிறந்த தகவல் தொடர்பு”, “98 சதவீத ஆர்டர்களை உரிய நேரத்தில் முடித்தவர்”, “ஸ்மெட்டா, பி.எஸ்.சி.ஐ ஆடிட்களைத் தனித்து நடத்தியவர்.” ஸ்மெட்டாவும் பி.எஸ்.சி.ஐயும் தொழிற்சாலையில் தொழிலாளர் நிலைமை எப்படி என்று பார்க்கும் ஆடிட் முறைகள். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது நெஞ்சு திக்கென்றது. “நான் நடத்தவில்லையே” என்று கேட்டேன். “ஆடிட் நடக்கும்போது அந்தக் கம்பெனியில் இருந்தீங்கல்லா, அப்போ எழுதலாம், எல்லாரும் எழுதுவாங்க” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அது என் தப்புதான். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு நாளில் அழைப்பு வந்தது. அம்மா காலையிலேயே எழுந்து பொதிச்சோறு கட்டித் தந்தார்கள். நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் மெர்ச்சண்டைசிங் மேனேஜர், இன்னொருவர் கம்ப்ளையன்ஸ் பார்ப்பவர். முதல் கேள்வியே அந்த வரியில்தான். “ஆடிட்டை நீங்களா நடத்தினீங்க? எந்த ஆடிட் நிறுவனத்தில் இருந்தீங்க?” என்று கம்ப்ளையன்ஸ் பார்ப்பவர் கேட்டார். எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: ஸ்மெட்டாவோ பி.எஸ்.சி.ஐயோ, நடத்துவது வெளியிலிருந்து வரும் ஆடிட் நிறுவனத்தின் ஆடிட்டர். தொழிற்சாலையில் இருப்பவர் ஆடிட்டை எதிர்கொள்பவர், ஒருங்கிணைப்பவர். ‘நடத்தினேன்’ என்ற ஒரு சொல்லிலேயே நான் ஆடிட் பக்கம் போகாதவள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து, ஸ்மெட்டா இரண்டு பில்லரா, நான்கு பில்லரா என்று கேட்டார். நான் மழுப்பினேன். இரண்டு பில்லர் என்றால் தொழிலாளர் நிலைமை, உடல்நலமும் பாதுகாப்பும். நான்கு என்றால் அவற்றோடு சுற்றுச்சூழலும் வணிக நெறியும் சேரும். இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. “முடிவு என்ன வந்தது?” என்றார். “பாஸ் ஆனோம்” என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஸ்மெட்டாவில் பாஸ், ஃபெயில் என்பதே கிடையாது. அது சான்றிதழும் இல்லை. குறைகளைப் பட்டியலிட்டு, எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற திட்டத்தோடு ஒரு அறிக்கை வரும், அவ்வளவுதான். பி.எஸ்.சி.ஐயில் ஏ முதல் ஈ வரை தரம் வரும். “என்ன என்.சி வந்தது, கேப்பை எப்படி மூடினீங்க?” என்பது அவருடைய கடைசிக் கேள்வி. என்.சி என்றால் ஆடிட்டர் சுட்டிக்காட்டும் குறை, கேப் என்றால் அதைச் சரிசெய்யும் திட்டம். நான் வாயே திறக்கவில்லை.

கம்ப்ளையன்ஸில் விழுந்ததோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வலி. மெர்ச்சண்டைசிங் மேனேஜர் அந்த 98 சதவீதத்தை எடுத்தார். “எத்தனை ஆர்டரில் 98? பையர் தந்த ஆர்டர் தாளான பி.ஓ.வில் முதலில் இருந்த தேதியை வைத்தா, இல்லை பையர் பிறகு மாற்றிக் கொடுத்த தேதியை வைத்தா?” என்றார். இது எவ்வளவு நியாயமான கேள்வி என்று மெர்ச்சண்டைசர் எல்லோருக்கும் தெரியும். தேதியைத் தள்ளி வாங்கிவிட்டு அந்தப் புதுத் தேதிக்கு அனுப்பினால் கணக்கில் ‘உரிய நேரம்’ என்றுதான் வரும். பதில் சொல்ல என்னிடம் கணக்கே இல்லை, அது என்னுடைய எண்ணே இல்லை. அதற்குப் பிறகு நான் உண்மையாகவே நன்றாகச் செய்த வேலைகளைச் சொன்னபோதும் அவர்கள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஒரு பொய் வரி, பக்கத்திலிருந்த உண்மை வரிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பும்போது குழித்துறை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பொதிச்சோறு பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. “கைகால் கழுவிட்டு வா மக்ளே” என்று மட்டும் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துத் திருப்பூரில் எங்கள் கம்ப்ளையன்ஸ் டிபார்ட்மென்டில் இருந்த அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஏன் கண்ணு, நீ செய்யாததை எழுதிட்டு, செஞ்சதையெல்லாம் விட்டுட்டியே” என்றார். எனக்குப் புரியவில்லை. “ஆடிட் வருதுன்னா உங்கிட்ட நான் என்னென்ன கேட்டு வாங்குவேன், யோசிச்சுப் பாரு” என்றார். யோசித்தேன். ஆடிட்டுக்கு முந்தின வாரம் அவர் என் மேஜைக்கு வந்து நிற்பார். என் ஸ்டைல்கள், அதாவது நான் பார்க்கும் ஆடை மாடல்கள், எந்த டையிங், எந்தப் பிரின்டிங், எந்த எம்ப்ராய்டரி யூனிட்டில் ஓடுகின்றன என்ற பட்டியல் வேண்டும் என்பார். அந்த யூனிட்களுக்குப் பையரின் ஒப்புதல் வந்த மெயில் வேண்டும் என்பார். ஆர்கானிக் பருத்தி ஆர்டர் என்றால் சரக்கு ஆர்கானிக்தான் என்று காட்ட நூல் விற்றவரிடமிருந்து வர வேண்டிய டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட் வந்ததா என்று கேட்பார். துணிக்கும் முழு ஆடைக்கும் லேபில் எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைக் கேட்பார். ஒரு தடவை பிரின்டிங் யூனிட்டில் ரசாயனங்களுக்கான பாதுகாப்புத் தாள்கள் இல்லை என்று ஆடிட்டர் எழுதிவிட்டுப் போனார். அந்த யூனிட்காரரோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவள் நான். அதனால் மை விற்ற கம்பெனியிடமிருந்து அந்தத் தாள்களை வாங்கவைத்து, கேப்பில் குறித்த தேதிக்கு முன்னால் அக்காவிடம் சேர்த்தது நான்தான். “அதுதான் கேப் மூடறது. நீ பண்ணியிருக்க” என்றார் அக்கா. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அன்றிலிருந்து நான் ரெஸ்யூமே எழுதும் முறையே மாறிவிட்டது. விளம்பரத்திலிருக்கும் சொல்லை எடுத்து ரெஸ்யூமேயில் வைப்பதை விட்டேன். விளம்பரத்தின் ஒவ்வொரு வரிக்கும், ‘இதை நான் செய்தேன் என்று காட்ட ஒரு ஆர்டரை, ஒரு நாளைச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டேன். சொல்ல முடிந்தால் எழுதுவேன், முடியாவிட்டால் எந்த அளவுக்குத் தொட்டேனோ அந்த அளவு மட்டும். இங்கே எனக்கு இன்னொரு சிக்கல் வந்தது. வேலையை விட்ட அன்றே கம்பெனி மெயில் மூடப்பட்டுவிட்டது. ஆறு வருடத்து எண்கள் எல்லாம் அதற்குள்தான். மிஞ்சியது இரண்டு பாக்கெட் டைரிகள் மட்டும். நீங்கள் இப்போது வேலையில் இருந்தால், விடுகிற எண்ணம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சீசன் முடிவிலும் உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை ஸ்டைல், மொத்தம் எத்தனை பீஸ், எந்த நாட்டுப் பையர், எத்தனை ஆர்டர் முதல் தேதிக்கே போனது, எத்தனை தள்ளிப்போனது, ஏன். விலையையும் காஸ்டிங் ஷீட்டையும் ஆடையின் அளவும் வடிவமும் அடங்கிய பையரின் டெக் பேக்கையும் எடுத்து வராதீர்கள். அது கம்பெனியின் ரகசியம், நேர்முகத்தில் அதைக் காட்டினால் அடுத்த கம்பெனியும் உங்களை நம்பாது. உங்கள் வேலையின் அளவு மட்டும் போதும்.

டைரிகளைப் புரட்டியதில் ஒரு ஆர்டர் தனியாக மேலே வந்தது. ஜெர்மன் பையர், குழந்தைகள் டி-ஷர்ட், மூன்று நிறம், நிறத்துக்கு 8,000 வீதம் மொத்தம் 24,000 பீஸ். ஆர்டர் உறுதியான நாளிலிருந்து 90-ஆம் நாள் சரக்கு கிளம்ப வேண்டும். டி அண்ட் ஏ காலண்டரில், அதாவது எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று போட்டு வைக்கும் அட்டவணையில், மூன்று நிறத்துக்கும் லேப் டிப் ஒப்புதல் 20-ஆம் நாள். சிவப்பும் சாம்பலும் சரியாக வந்துவிட்டன. நேவி நீலத்தை இரண்டு தடவை பையர் திருப்பிவிட்டார், மூன்றாவது தடவை 31-ஆம் நாள்தான் ஒப்புதல் வந்தது. 11 நாள் போய்விட்டது. டையிங் யூனிட்டில் கெஞ்சிக் கூத்தாடி 3 நாள் மீட்கலாம் என்று ஆனது. மீதி 8 நாள் எங்கே மீட்பது? தைப்பில் மீட்கலாம் என்று எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் சொன்னார். வெளியே ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு நேவியைத் தைக்கக் கொடுத்துவிடலாம் என்றார்.

அந்த யூனிட் பையரின் ஒப்புதல் பட்டியலில் இல்லை. பையரின் கையேட்டில், முன்கூட்டித் தெரிவித்து அனுமதி வாங்காத எந்த இடத்திலும் அவர்கள் ஆடையைத் தைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். அனுமதி வாங்க அந்த யூனிட்டைப் பார்த்து, ஆவணங்கள் அனுப்பி, வாரக்கணக்காகும் என்றார். அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டு அன்றே பையருக்கு மெயில் போட்டேன். நான்கே பத்தி. நேவி ஒப்புதல் 11 நாள் தாமதம், அதில் 3 நாள் மீட்கிறோம். சிவப்பும் சாம்பலும் 16,000 பீஸ் குறித்த தேதிக்கே கிளம்பும். நேவி 8,000 பீஸ் 8 நாள் கழித்துக் கிளம்பும். இரண்டு ஷிப்மென்டாகப் பிரிக்கச் சம்மதமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பேக்கிங் மெட்டீரியலை அதன்படி ஆர்டர் செய்கிறோம். வியாழக்கிழமையே சம்மதம் வந்தது. டிஸ்கவுன்ட் கேட்கவில்லை, விமானத்தில் அனுப்ப வேண்டியும் வரவில்லை. கிளம்பும் நாளுக்கு 59 நாள் முன்னால் சொன்னதால்தான் அது நடந்தது. இதையே 80-ஆம் நாள் சொல்லியிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த ஒரே ஆர்டரில் விளம்பரத்தின் மூன்று வரிகளும் இருக்கின்றன என்பது டைரியைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பையருடன் தகவல் தொடர்பு என்றால் நல்ல ஆங்கிலம் பேசுவது என்று நினைத்திருந்தேன். கெட்ட செய்தியை எப்போது, என்ன மாற்று வழியோடு, எந்தத் தேதிக்குள் பதில் கேட்டுச் சொன்னோம் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஆர்டர் டிராக்கிங் என்றால் எக்செல் ஷீட்டை நிரப்புவது மட்டுமில்லை. லேப் டிப்பில் நடந்த தாமதம், சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் எக்ஸ்-ஃபேக்டரி தேதியில் எத்தனை நாளாக வந்து நிற்கும் என்று 31-ஆம் நாளே கணக்குப் போடத் தெரிவது. கம்ப்ளையன்ஸ் என்றால், மெர்ச்சண்டைசர் நாற்காலியில் இருப்பவருக்கு முதல் வேலை, தேதி நெருக்கும்போது அனுமதியில்லாத யூனிட்டுக்குச் சரக்கு போகாமல் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கும் நெருக்கடியும் நாம் தவறவிட்ட தேதியிலிருந்துதான் பிறக்கிறது. ஆடிட்டர் வருகைப் பதிவேட்டையும் உற்பத்திப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது வெளியே வந்துவிடும்.

அப்புறம் அதேபோல இன்னொரு விளம்பரம் வந்தது, திருவனந்தபுரம் பக்கமே வேறொரு நிறுவனம். அதே மூன்று பொறுப்புகள், சொற்கள்தான் கொஞ்சம் மாறி இருந்தன. இந்தத் தடவை அனுப்பும் முன் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். “கம்ப்ளையன்ஸ் ஆடிட் என்று போட்டிருக்கிறீர்களே, அதை முன்னின்று பார்க்க வேண்டுமா, கம்ப்ளையன்ஸ் ஆளுக்கு உதவ வேண்டுமா?” என்று கேட்டேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் உள்ளே கேட்டுவிட்டுச் சொன்னார்: கம்ப்ளையன்ஸ் ஆபீசர் இருக்கிறார், மெர்ச்சண்டைசர் தன் ஆர்டர்களுக்கான யூனிட் ஒப்புதலும் ஆவணங்களும் கொடுத்தால் போதும். இரண்டு நிமிடப் பேச்சு. முதல் தடவையே இதைக் கேட்டிருந்தால் 5,500 ரூபாயும் மிஞ்சியிருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும். மெர்ச்சண்டைசர் வேலைக்கான விளம்பரத்தில் ‘ஆடிட்’ என்று பார்த்ததும் மிரளாதீர்கள், கேளுங்கள். ஒருவேளை முன்னின்று பார்க்க வேண்டும் என்று சொன்னால், அது கம்ப்ளையன்ஸ் ஆபீசர் வேலை. அந்த அனுபவம் இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

பிறகு ரெஸ்யூமேயைப் புதிதாக எழுதினேன். அது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பொருளை மட்டும் இங்கே சொல்கிறேன். பையர் தொடர்புக்குப் பழைய வரி: “பையர்களுடன் தொடர்பு கொண்டு ஆர்டர்களைப் பின்தொடர்ந்தேன்.” புதிய வரி: “ஜெர்மனி, நெதர்லாந்து நாட்டு மூன்று பையர்களுக்கு, ஆர்டர் உறுதியானதிலிருந்து ஷிப்மென்ட் வரை மெயிலிலும் வாராந்திர அழைப்பிலும் நேரடித் தொடர்பாளர், நிற ஒப்புதல் தாமதமான 24,000 பீஸ் ஆர்டரில் 59 நாள் முன்பே தெரிவித்து, இரண்டு ஷிப்மென்டாகப் பிரிக்கச் சம்மதம் பெற்று, டிஸ்கவுன்டும் விமானச் செலவும் இல்லாமல் முடித்தேன்.” டிராக்கிங்குக்கு: “ஒரு சீசனில் 18 முதல் 22 ஸ்டைல் வரை டி அண்ட் ஏ பராமரித்தேன், கடைசி 14 ஆர்டர்களில் 11 முதல் தேதிக்கே, 2 பையர் சம்மதித்த மாற்றுத் தேதிக்கு, 1 விமானத்தில்.” அந்த ‘1 விமானத்தில்’ என்பதை எழுத மிகவும் தயங்கினேன். அக்காதான் எழுதச் சொன்னார். கம்ப்ளையன்ஸுக்கு: “ஸ்மெட்டா நான்கு பில்லர், பி.எஸ்.சி.ஐ ஆடிட்களில் கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்கு உதவி: என் ஸ்டைல்களுக்கான துணை யூனிட் பட்டியல், பையர் ஒப்புதல்கள், டெஸ்ட் ரிப்போர்ட், ஆர்கானிக் ஆர்டர்களுக்கு டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட் சேகரித்தல், பிரின்டிங் யூனிட் தொடர்பான ஒரு குறையைக் குறித்த தேதிக்கு முன் மூட ஆவணம் பெற்றுத் தந்தேன்.” எங்கள் ஆடிட் நான்கு பில்லர் என்பதையும் அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதினேன்.

சொற்களை விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றியது ஒரே இடத்தில்தான். திருப்பூரில் ‘ஃபாலோ-அப்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஆர்டர் டிராக்கிங்’ என்று போட்டிருந்தார்கள். ஒரே வேலை, பெயர்தான் வேறு. அங்கே அவர்கள் சொல்லையே வைத்தேன், ஏனென்றால் வேலைவாய்ப்புத் தளங்களில் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார்கள். ‘உதவி’ என்ற இடத்தில் ‘நடத்தினேன்’ என்று வைப்பது அப்படியில்லை, அது வேலையையே மாற்றிச் சொல்வது. அப்பா பெயர், பள்ளி விவரம், கடைசியில் வரும் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். விளம்பரம் எந்த வரிசையில் கேட்டதோ அந்த வரிசையிலேயே மூன்று வரிகளும் முதல் பக்க மேல்பாதியில் வந்தன. மொத்தம் ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்து, ஒவ்வொரு வரியையும் விரலால் மறைத்துக்கொண்டு, அதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் பதில் வருமா என்று அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பேச்சு அப்போது சரியாக வராது. ஆனால் நான் திணறிய இடத்தில் எல்லாம் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு வரிகளை அப்படித்தான் எடுத்தேன்.

நேர்முகத்தில் அவர்கள் முதலில் கேட்டது அந்த விமான ஷிப்மென்டைப் பற்றித்தான். பட்டன் சப்ளையர் பையரே நியமித்தவர், அவரிடமிருந்து சரக்கு 12 நாள் தாமதமாக வந்தது. நான் அதை டி அண்ட் ஏயில் தனி வரியாகப் போடாமல் ‘ட்ரிம்ஸ்’ என்று மொத்தமாக வைத்திருந்ததால் தெரியத் தாமதமாகிவிட்டது. செலவைக் கம்பெனியும் பையரும் பாதிப் பாதி ஏற்றார்கள். அதற்கப்புறம் நியமிக்கப்பட்ட சப்ளையர் ஒவ்வொருவருக்கும் தனி வரி போடுகிறேன் என்று சொன்னேன். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார். கம்ப்ளையன்ஸ் ஆபீசர், “அந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டாம்னு சொன்னப்போ உங்க புரொடக்ஷன் மேனேஜர் என்ன சொன்னார்?” என்று கேட்டார். கோபப்பட்டார் என்றேன், பையரின் சம்மத மெயிலைக் காட்டிய பிறகு சரியானார் என்றேன். நாற்பது நிமிடம் பேசினோம். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு ஒரு தடவைகூட வயிற்றைப் பிசையவில்லை.

சம்பளம் 30,000 என்றார்கள், திருப்பூரைவிட 2,000 குறைவு. வீட்டிலிருந்து போய் வரலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன். சேர்ந்த முதல் வாரமே ஒரு பையரின் ஆடிட் தேதி வந்தது. கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என் மேஜைக்கு வந்து, என் ஸ்டைல்கள் ஓடுகிற யூனிட் பட்டியலைக் கேட்டார். மூன்றாம் நாளே அதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.